“சாம்பிளுக்கு .tgs அனுப்புங்கோ” என்று கேட்கிறார்களா? முதலில் இதை வாசியுங்கள்

யாழ்ப்பாணத்தில் அனிமேஷன் ஸ்டிக்கர் செய்கிற ஆட்களுக்கு ஒரு குறிப்பிட்ட மாதிரியான வேலை அழைப்பு வந்துகொண்டிருக்கிறது. எனக்கு வந்தது, எனக்குப் பிறகு கொக்குவிலில் ஒரு தங்கச்சிக்கும் அதே வசனங்களோடு வந்திருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நல்லூர்த் திருவிழாவுக்கு முந்தின மாதங்களில் ஒருவர் அழைத்தார். கொழும்பில் விளம்பர வேலை செய்கிற நிறுவனமாம், யாழ் நகரில் ஒரு நகைக்கடைக்குத் திருவிழா ஸ்டிக்கர் தொகுப்பு வேணுமாம், டெலிகிராமுக்கும் வட்ஸ்அப்புக்கும் சேர்த்து 16 ஸ்டிக்கர். ஒன்றுக்கு 3,500 ரூபாய், மொத்தம் 56,000, அதில் நாற்பது வீதம் அட்வான்ஸ் என்று அவரே சொன்னார். பேரம் பேசாமல் ஒருவர் நல்ல விலை சொல்வதே கொஞ்சம் அபூர்வம்தான். நான் வரைந்து வைத்திருந்த அப்பம்மா கதாபாத்திரத்தை முகநூலில் பார்த்துவிட்டுத்தான் வந்தாராம். கொண்டை, மூக்குத்தி, கையில் கச்சான் சரை, “தேருக்கு வாறியளே?” என்று கேட்கிற அப்பம்மா. தெரிந்த ஆட்களுக்குத் தெரியும்.

“தம்பி, அட்வான்ஸ் போட முதல் கடைக்காரர் நாலு சாம்பிள் பாக்கோணும் எண்டினம். வணக்கம், சிரிப்பு, கோபம், அழுகை. இந்த நாலும் போதும்.”

வீடியோவாக அனுப்பினேன். அசைவு சரியாகத் தெரியவில்லையாம், முதலாளி தன்னுடைய ஃபோனில் டெலிகிராமில் போட்டுப் பார்க்கவேணுமாம், ஆகவே .tgs கோப்பாகவே தரச் சொன்னார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. டெலிகிராம் அனிமேஷன் ஸ்டிக்கர் 512க்கு 512 அளவில், மூன்று விநாடிக்குள், 64 கிலோபைட்டுக்குள் நிற்கவேண்டும், உண்மையான ஃபோனில் ஓடவிட்டுப் பார்ப்பது நாங்களே செய்கிற வேலைதானே. அனுப்பினேன். அதற்குப் பிறகு இரண்டு மூன்று தரம் “கடைக்காரர் யோசிக்கிறார்” என்று பதில், கடைசியில் “பட்ஜெட் குறைச்சிட்டினம் தம்பி, அடுத்த முறை பாப்பம்”. சரி, இந்தத் தொழிலில் அது வழமைதான் என்று விட்டுவிட்டேன்.

கொடியேற்றம் நெருங்கின நேரம் கனடாவில் இருக்கிற மச்சாள் குடும்பக் குழுவில் ஒரு ஸ்டிக்கர் போட்டாள். என்னுடைய அப்பம்மா. கச்சான் சரையில் நகைக்கடையின் சின்னம். தட்டித் திறந்தால் முழுத் தொகுப்பு, 16 ஸ்டிக்கர். நான்கு என்னுடையவை, மிச்சப் பன்னிரண்டும் நான் வரையாதவை, ஆனால் எல்லாம் என் அப்பம்மா.

நாலைக் கொடுத்தால் எப்படிப் பதினாறு ஆகிறது என்பது இந்த வேலை செய்யாத ஆட்களுக்கு விளங்காது. .tgs என்பது காணொளி இல்லை, படமும் இல்லை. அது லொட்டி என்கிற வகைக் கோப்பு, ஜேசன் எழுத்தாக இருப்பதை ஜிசிப்பில் சுருக்கி வைத்தது, அவ்வளவுதான். உள்ளே ஒவ்வொரு வளைவும், ஒவ்வொரு அடுக்கும், எந்தப் பிரேமில் கை எத்தனை பாகை திரும்புகிறது என்பதும் அப்படியே இருக்கிறது. சுருக்கத்தை அவிழ்த்து ஒரு லொட்டி எடிட்டரில் போட்டால் நிறம் மாற்றலாம், கையைக் கழற்றலாம், வேறு தலையை வைக்கலாம். .tgs ஐ அனுப்புவதும் மூலக்கோப்பை அனுப்புவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இப்போது அவர் கேட்ட நான்கையும் திரும்பப் பாருங்கள். வணக்கத்தில் இரண்டு கையும் கூப்பின நிலை, சிரிப்பில் திறந்த வாய், கோபத்தில் இடுப்பில் கையும் நெரித்த புருவமும், அழுகையில் மூடின கண்ணும் கவிழ்ந்த வாயும். ஒரு கதாபாத்திரத்துக்குத் தேவையான உறுப்பு எல்லாம் அந்த நான்கில் வந்துவிடுகிறது. கோபத்தின் கையில் சிரிப்பின் முகத்தை வைத்தால் “நான்தான் வந்திட்டனே” ஸ்டிக்கர். அழுகையின் கண்ணை வணக்கத்தில் வைத்தால் சாமி கும்பிடுகிற ஸ்டிக்கர். ஸ்டிக்கர் விளங்கின ஒருவர் யோசித்துத்தான் அந்த நாலைத் தெரிந்தெடுத்திருக்கிறார். உண்மையிலேயே கதாபாத்திரத்தைப் பார்க்க விரும்புகிற கடைக்காரர் தன் விளம்பரத்துக்கு ஏற்ற ஒன்றைத்தான் கேட்பார், அழுகிற ஸ்டிக்கர் நகைக்கடைக்கு என்னத்துக்கு?

“அது வேற ஆள் வரைஞ்சது, ஒரே மாதிரி இருக்கு, அவ்வளவுதான்” என்றார் அந்த இடைத்தரகர், அழைத்துக் கேட்டபோது. அதைப் பொய் என்று காட்டுவது கஷ்டமில்லை. டெலிகிராம் டெஸ்க்டாப்பில் அந்த ஸ்டிக்கரைச் சேமித்து இப்படிப் பார்த்தேன்:

```
gzip -dc sticker.tgs | grep -o '"nm":"[^"]*"' | sort -u
```

அடுக்குகளுக்கு நாங்கள் வைக்கிற பெயர் `nm` என்ற இடத்தில் இருக்கும். ஏற்றுமதி செய்கிற முறையைப் பொறுத்து அது அழிந்தும் போகலாம், என்னுடையதில் அழியவில்லை. `kachchan_sarai`, `mookkuththi`, அதோடு `kondai_puthu2`. முதல் கொண்டை பிடிக்காமல் இரண்டாம் தரம் கீறினபோது வைத்த பெயர் அது. அந்தக் கடைக்காக வேறு ஒருவர் புதிதாக வரைந்தாராம், அவரும் கொண்டையை இரண்டாம் தரம் கீறி அதற்கு அதே பெயரையே வைத்தாராம். இன்னொன்றும் இருந்தது. கண் சிமிட்டும்போது இடது கண் வலது கண்ணுக்கு இரண்டு பிரேம் பிந்தித்தான் மூடும்படி வைத்திருந்தேன், வயது போன ஆட்களுக்கு அப்படி இருந்தால் வடிவாக இருக்கும் என்று. பதினாறிலும் அந்த இரண்டு பிரேம் அப்படியே இருந்தது. சேலைக் கரையில் இருந்த புள்ளிகளை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள். சின்னத்தைச் சேர்த்ததும் கோப்பு 64 கிலோபைட்டைத் தாண்டியிருக்கும், எதையாவது கழிக்கத்தானே வேணும்.

கடைக்கே போனேன். முகாமையாளர் நல்ல மனுசன், கோபப்படாமல் இருத்திக் கதைத்தார். “தம்பி, நாங்கள் முழுக்காசும் கட்டிட்டம். பதினாறும் புதுசா வரைஞ்சது எண்டுதான் தந்தவர்.” எவ்வளவு என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் ஒரு விசயம் அங்கேதான் தெரிந்தது. சாம்பிள் பார்க்கவேணும் என்று கடைக்காரர் ஒரு நாளும் கேட்டதே இல்லை. என்னிடம் நாலு சாம்பிள் கேட்ட கிழமைக்கு முதலே ஓடர் முடிவாகிவிட்டது.

டெலிகிராமுக்கு எழுதினேன். பதிப்புரிமை மீறுகிற ஸ்டிக்கர் தொகுப்புகளுக்கு dmca@telegram.org என்ற முகவரி இருக்கிறது, உரிமையாளர் அல்லது அவருடைய பிரதிநிதிதான் எழுதலாம். தொகுப்பின் இணைப்பு, என் மூலத் திட்டக்கோப்பின் திகதி, அடுக்குப் பெயர்களை அருகருகே வைத்த படம், நான் முகநூலில் முதலில் போட்ட பதிவு எல்லாம் சேர்த்து அனுப்பினேன். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிப்புரிமைக்குப் பதிவு செய்யத் தேவையில்லை, வரைந்தவுடனேயே வரைந்தவருக்கு அது இருக்கிறது. பதிவு செய்யேல்ல, இனி என்ன செய்யிறது என்று கைவிட வேண்டாம். தொகுப்பு நீங்கியது.

வட்ஸ்அப்பில் அது நடக்கவில்லை, நடக்கப்போவதும் இல்லை. அங்கே ஒரு ஸ்டிக்கர் ஒரு தரம் குழுவில் விழுந்துவிட்டால் யாரும் சேமிக்கலாம், யாருக்கும் அனுப்பலாம், அவரவர் ஃபோனில் இருப்பதை யாராலும் திருப்பி எடுக்க முடியாது. (இதனாலேயே வட்ஸ்அப் தொகுப்பை நேரடியாகக் காசுக்கு விற்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, முதலில் வாங்குகிற ஒருவர்தான் காசு கட்டுவார், மற்ற எல்லோரும் அவரிடம் இருந்து எடுப்பார்கள். கலியாணத்துக்கும் சாமத்தியவீட்டுக்கும் அவரவர் முகத்தோடு செய்து கொடுப்பது வேறு கதை, அது பரவினாலும் நட்டமில்லை, பரவத்தான் வேணும் என்று கேட்பார்கள்.) ஒரே ஆறுதல், வட்ஸ்அப் அனிமேஷன் ஸ்டிக்கர் வெப்பி வகை, பிரேம் பிரேமாகப் படமாக்கி 500 கிலோபைட்டுக்குள் வைப்பது. அதில் இருந்து கையைக் கழற்றி வேறு ஸ்டிக்கர் செய்வது லேசில்லை, பெரும்பாலும் அப்படியே களவெடுக்கத்தான் முடியும்.

ஆகவே இப்போது நான் சாம்பிள் காட்டுகிற முறை மாறிவிட்டது. ஃபோனில் ஓடிப் பார்க்கவேணும் என்று ஒருவர் கேட்டால் வெப்பியாகத்தான் கொடுக்கிறேன், முகத்துக்கு மேலே என் பெயர் குறுக்காக ஓடும்படி. மூலையில் பெயர் போடுவதில் பிரயோசனம் இல்லை, ஒரு நிமிடத்தில் வெட்டிவிடுவார்கள். .tgs ஓடுவதைக் காட்டவேண்டும் என்றால் என் ஃபோனில் நேரே காட்டுவேன், அல்லது என் ஃபோன் திரையை இன்னொரு ஃபோனால் எடுத்து அனுப்புவேன். தொகுப்பின் இணைப்பைக்கூட முதலில் கொடுப்பதில்லை, இணைப்பு இருந்தால் கோப்பும் இருக்கிற மாதிரித்தான். சாம்பிள் ஒன்றுதான், அதுவும் கதாபாத்திரம் பக்கவாட்டாக நிற்பது அல்லது முதுகைக் காட்டி நடப்பது. பக்கவாட்டு முகத்தில் இருந்து முன்முகம் செய்வது லேசில்லை.

டெலிகிராமின் @Stickers பொட்டில் தொகுப்பை யார் உருவாக்குகிறாரோ அது அவருடைய கணக்கில்தான் இருக்கும். அதனால் முழுக்காசும் வரும் வரை தொகுப்பை உருவாக்கி வைத்திருப்பது நான்தான். “எங்கட கணக்கிலதான் போடுவம்” என்று முதல் நாளே நிற்கிற இடைத்தரகரிடம், கடையின் ஓடர் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். கடையின் பெயரையே சொல்லமாட்டேன் என்றால் அங்கேயே விட்டுவிடலாம்.

காசு எனக்கு இன்னும் வரவில்லை. அந்த ஆள் இப்போது வேறு நிறுவனப் பெயரோடு, வேறு நம்பரில் இருந்து தைப்பொங்கல் தொகுப்புக்கு ஆள் தேடுகிறார். கொக்குவில் தங்கச்சிக்கு வந்த செய்தியில் “வணக்கம், சிரிப்பு, கோபம், அழுகை” என்ற நாலும் அதே ஒழுங்கில் இருந்தன. அந்த வரிசையில் யாராவது உங்களிடம் கேட்டால் பதில் எழுத முதல் எனக்கு உள்பெட்டியில் ஒரு செய்தி போடுங்கோ, பழைய நம்பரையும் குரல்பதிவுகளையும் வைத்திருக்கிறேன், ஒத்துப் பார்க்கலாம்.