கூட்டம் வந்த பிறகு அப்லோட் எவ்வளவு?

தங்கை கல்யாணத்துக்காக ஆவணியில் நியூஜெர்சியிலிருந்து கும்பகோணம் பக்கத்து ஊருக்குப் போயிருந்தேன். முகூர்த்தம் காலை 9 மணிக்கு. நியூஜெர்சியில் அது முந்தின நாள் இரவு 11.30. வர முடியாத பாட்டியும் சித்தப்பா குடும்பமும் கண் விழித்துப் பார்ப்பதாக இருந்தார்கள்.

வீடியோக்காரரின் பேக்கேஜில் ‘ஃபுல் எச்டி லைவ்’ என்று போட்டிருந்தது. பாக்கெட் ரூட்டரில் ஒரு சிம்மைப் போட்டு யூடியூபுக்கு அனுப்புவதுதான் அவர் ஏற்பாடு. காலி மண்டபத்தில் அப்லோட் வேகம் 6 எம்பிபிஎஸ் வந்தது. ஆனால் கூட்டம் சேர்ந்தால் எல்லோருடைய போனும் அதே டவரைத்தான் பிடிக்கும். அதனால் முந்தின நாள் அங்கே நடந்த வேறொரு கல்யாணத்தின்போது முகூர்த்த நேரத்தில் போய் அளந்து பார்த்தோம். 1.8தான் வந்தது.

நம்ப வேண்டியது இந்த எண்ணைத்தான். அதில் பாதியை மட்டும் வீடியோவுக்கு எடுத்துக்கொண்டோம். 900 கேபிபிஎஸ், 480பி. ஒலிக்கு 96.

“சார், படம் மங்கலா இருக்குமே” என்று வீடியோக்காரர் தயங்கினார். மங்கலான படத்தைப் பாட்டி பார்த்துவிடுவார், சுற்றிக்கொண்டே நிற்கும் வட்டத்தை வைத்து என்ன செய்வார்? லைன் தாங்குவதைவிட அதிகமாக அனுப்பினால், நேரலையை அனுப்பும் மென்பொருளான ஓபிஎஸ் ஃபிரேம்களைக் கைவிடும், திரையின் அடியில் ‘Dropped Frames’ எண்ணிக்கை ஏறும். அது ஏறினால் பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு அனுப்பும் டேட்டாவின் அளவை, குறைக்க வேண்டும் என்று அர்த்தம். ஃபுல் எச்டி எப்படியும் கேமரா கார்டில் பதிவாகிக்கொண்டுதான் இருக்கிறது.

பெரிய வித்தியாசத்தைக் கொடுத்தது மணமேடைக்குப் பின்னால் இருந்த சீரியல் விளக்குகள். படத்தில் எங்கே மாறுகிறதோ அங்கேதான் பிட்ரேட் செலவாகும். ஆயிரம் பல்புகள் மின்னி மின்னி அணைந்தால் மணப்பெண் முகத்துக்கு எதுவும் மிஞ்சாது. டெக்கரேஷன்காரரிடம் சொல்லி மின்னாமல் எரியவிட்டதும் முகங்கள் தெளிந்தன. கேமராவையும் ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தினோம்.

ஒலியை மைக்செட்காரரின் மிக்சரிலிருந்து நேராக எடுத்தோம். கேமரா மைக்கை நம்பினால் தவில் சத்தத்தில் ஐயர் சொல்வது எதுவும் கேட்காது. கெட்டிமேளம் முழங்கி எல்லோரும் அட்சதை தூவியபோது படம் சில நொடிகள் கட்டம் கட்டமாக உடைந்தது. ஒலி அறுபடவில்லை.

யூடியூபில் முதல் முறை நேரலை தொடங்குகிறவர்கள் முன்கூட்டியே அனுமதியை இயக்கிவிட வேண்டும், அதற்கு 24 மணி நேரம் வரை ஆகலாம். அப்புறம், வரவேற்பில் சினிமாப் பாட்டு ஓடினால் காப்புரிமைக்காக நேரலையே நிறுத்தப்படலாம். அதனால் முகூர்த்தத்துக்கு ஒரு லிங்க், வரவேற்புக்கு வேறொரு லிங்க் என்று பிரித்து அனுப்பினோம்.