பிரீமியம் பெட்ரோல் போட்டும் நிற்காத நாக்கிங், டைமிங்கைத் திருப்பியதும் நின்றது

எங்கள் வீட்டில் இரண்டு கார்கள். ஒன்று பழைய கார்புரேட்டர் வண்டி: மூன்று சிலிண்டர், 800 சிசிக்குக் கொஞ்சம் குறைவு, கம்ப்ரஷன் 8.7:1. இன்னொன்று 11:1 கம்ப்ரஷனும் நாக் சென்சரும் உள்ள புது வண்டி. இரண்டிலும் சாதாரண 91 ஆக்டேன், பிரீமியம் 95 என்று மாற்றி மாற்றிப் போட்டுச் சில வருடம் ஓட்டியாகிவிட்டது. பிரீமியத்துக்குக் கொடுக்கும் கூடுதல் காசு வேலை செய்கிறதா என்றால், வண்டிக்கு வண்டி பதில் வேறு.

பழைய வண்டியில் நாக்கிங் நன்றாகவே கேட்டது. வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறும்போது, மூன்றாவது கியரிலேயே காலை அழுத்தினால், தகர டப்பாவில் கோலிக்குண்டு குலுக்கிய மாதிரி ஒரு சத்தம். காலைக் கொஞ்சம் எடுத்தால் உடனே நின்றுவிடும். டாப்பெட் சத்தம் என்றால் ஐடிலிங்கிலும் கேட்கும், இது லோடில் மட்டும்தான். இன்னொன்று, மேலே போகப் போகச் சத்தம் குறைந்தது. உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு, சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தமும் குறைவு, அதனால்தான்.

பிளக் பொறி போட்டதும் நெருப்பு அங்கிருந்து பரவிக்கொண்டே போக வேண்டும். அது பரவும்போது, இன்னும் எரியாமல் மூலையில் இருக்கும் கலவை நசுங்கிச் சூடேறுகிறது. நெருப்பு வந்து சேருவதற்கு முன்பே அது தானாக வெடித்துவிட்டால் வருவதுதான் அந்தச் சத்தம். அப்படி வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும் திறனைத்தான் ஆக்டேன் எண் சொல்கிறது. பெட்ரோலில் உள்ள சக்திக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

95 போட்டுப் பார்த்தேன். சத்தம் குறைந்தது, முழுசாகப் போகவில்லை. அங்கேதான் சந்தேகம் வந்தது. 8.7 கம்ப்ரஷனுக்கு 91 ஆக்டேனே தாராளம். அதையும் மீறித் தட்டுகிறது என்றால் கோளாறு பெட்ரோலில் இல்லை.

பொறி எந்த நேரத்தில் விழுகிறது என்று டைமிங் லைட் வைத்துப் பார்த்தோம். ஐடிலிங்கில், வேக்குவம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டுப் புல்லியில் லைட்டை அடித்தால், வெள்ளைக் கோடு, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 6 டிகிரி முன்னால் நிற்க வேண்டியது, 14 பக்கம் நின்றது. முன்பு ஒரு சர்வீஸில் ‘பிக்கப் வரட்டும்’ என்று ஏற்றிவிட்டிருக்கிறார்கள். பொறி அவ்வளவு முன்னால் விழுந்தால், பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே பாதி எரிந்து அழுத்தம் எகிறிவிடும். மூலையில் இருக்கும் கலவைக்குத் தாங்காது. டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, பாடியை ஒரு நூல் திருப்பி 6-க்குக் கொண்டுவந்ததும், அதே ஏற்றத்தில் சாதாரண பெட்ரோலிலேயே சத்தம் நின்றது. பழைய பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள். அதுவும் நாக்கிங்கின் அடையாளம்தான்.

டைமிங் சரியாக இருந்தும் தட்டினால் அடுத்து கார்பனைச் சந்தேகிக்கலாம். இந்த இன்ஜினில் ஒரு சிலிண்டர் 265 சிசி. பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் மிஞ்சும் இடம் 34 சிசிதான். அதில் கார்பன் 2 சிசி அடைத்துக்கொண்டால் கம்ப்ரஷன் 8.7-இலிருந்து 9.2 பக்கம் போய்விடும். போதாக்குறைக்கு அந்தப் படிவு சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சரி, புது வண்டி. இதில் சத்தமே கேட்காது. சென்சர் தட்டலை உணர்ந்ததும் கம்ப்யூட்டர் பொறியைச் சில டிகிரி பின்தள்ளிவிடும், பிறகு மெல்ல மெல்லப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். காதுக்குத் தெரியாத இந்த வேலை காலுக்குத் தெரிகிறது: ஏப்ரல் வெயிலில், ஏசி போட்டு, நான்கு பேரோடு மலை ஏறினால் வண்டி சோம்பல் பிடிக்கும். வண்டிக் கம்ப்யூட்டரின் அளவுகளைக் காட்டும் ஓபிடி ரீடரை மாட்டிப் பார்த்தேன். அதே ஏற்றத்தில், ஏறக்குறைய அதே வேகத்தில், 95 போட்டபோது டைமிங் மூன்று, நான்கு டிகிரி கூடுதலாக நின்றது, இழுவையும் கொஞ்சம் தேவலை. ஊருக்குள் ஓட்டும்போது ஒரு வித்தியாசமும் இல்லை. மைலேஜ் கூடியது என்று அடித்துச் சொல்லும் அளவுக்கும் ஒன்றும் வரவில்லை.

இதெல்லாம் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குகளுக்கு வருவதற்கு முன் பார்த்தது. எத்தனாலின் ஆக்டேன் 100-க்கு மேல். அதனால் நாக்கிங் விஷயத்தில் அந்தக் கலவை பாதகம் செய்யாது. பழைய வண்டியின் ரப்பர் ஹோஸ்கள் என்ன ஆகும் என்பது தனிக் கதை.

பழைய வண்டிக்கு இப்போது சாதாரண பெட்ரோல்தான். புதுசுக்கு வெயில் காலத்தில் மலைக்குப் போவதாக இருந்தால் மட்டும் 95. டைமிங்கை 6-க்கும் கீழே இறக்கினால் இன்னும் பாதுகாப்பாக இருக்குமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். கூடாது. பொறி தாமதமானால் எரிந்து முடிவதும் தாமதமாகி, சூடு சைலன்சர் பக்கம் போய்விடும். வண்டி மந்தமாகும், பெட்ரோலும் கூடக் குடிக்கும்.