வரி அறிவிப்பைப் படம் பிடித்து அனுப்பியதில் போன 59,111 ரூபாய்

வருமான வரி அறிவிப்பைப் படமெடுத்து ஏற்றினால், கட்ட வேண்டிய தொகை, கெடு, பிரிவு, வட்டி ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரித்துத் தருவதாகச் சொல்லும் ஓர் இணையச் சேவையை நம்பி, 59,111 ரூபாயை இழந்து நிற்கிறேன். இதில் 53,801 ரூபாய் அரசுக் கணக்கில் தவறான தலைப்பில் கிடக்கிறது. 5,310 ரூபாய் அந்தச் சேவைக்காரர்கள் வாங்கிய கட்டணம். பெயரை எழுதப் போவதில்லை. இதே வேலையை இதே விதமாகச் செய்கிறவர்கள் பலர் இருப்பதால், எந்த வகைச் சேவை என்பது தெரிந்தாலே போதும்.

புரசைவாக்கத்தில் அப்பா விட்டுச்சென்ற கடை ஒன்றை ஒரு நிறுவனத்துக்கு மாதம் 35,000 ரூபாய் வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஆண்டு வாடகையான 4,20,000 ரூபாயில் பத்து விழுக்காடாக 42,000 ரூபாயை, வாடகை கொடுக்கும்போதே பிடிக்கும் வரியான டிடிஎஸ் என்று அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். வாடகை விவரத்தை அலுவலகத்திலும் தெரிவித்திருந்ததால் மீதி வரி சம்பளத்திலேயே கழிந்துவிட்டது. ஆகவே 2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்கான கணக்கை ஜூலையில் தாக்கல் செய்தபோது பாக்கி எதுவும் இல்லை என்றே நினைத்தேன். டிசம்பர் 18 அன்று மின்னஞ்சலில் வந்த அறிவிப்பு 47,900 ரூபாய் கேட்டது.

கடவுச்சொல் போட்டுத் திறக்கும் பிடிஎஃப் கோப்பாகத்தான் அது வந்தது. நானோ அதை அலுவலகத்தில் அச்செடுத்து, நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்து, டிசம்பர் 27 வெள்ளிக்கிழமை இரவு, சாப்பாட்டு மேசை மேல் விரித்துக் கைப்பேசியில் படமெடுத்தேன். எழுத்து எழுத்தாகத் தெளிவாக இருந்த கோப்பு அதே கைப்பேசியில் இருக்கும்போது, மடிப்பு விழுந்த தாளை நிழலோடு படமெடுத்த என் புத்தியை என்னவென்று சொல்வது!

நான் நம்பிய கணத்தைச் சொல்ல வேண்டும். திரையில் முதலில் என் பெயர், அடுத்து பான் எண், அடுத்து மதிப்பீட்டு ஆண்டு, அதன் கீழ் அறிவிப்பின் நீண்ட அடையாள எண் ஆகியவை ஒவ்வொன்றாக வந்து, ஒவ்வொன்றின் அருகிலும் பச்சைக் குறி விழுந்தது. அடையாள எண்ணைத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஓர் இலக்கம்கூடப் பிசகவில்லை. இவ்வளவு நீண்ட எண்ணைச் சரியாகப் படித்தது மற்றதையும் சரியாகத்தானே படித்திருக்கும் என்று அந்த இடத்தில் மனம் சாய்ந்துவிட்டது. பெயரும் எண்ணும் தம் தலைப்புக்குப் பக்கத்திலேயே ஒற்றை வரியில் அச்சாகியிருப்பதால் யார் படித்தாலும் சரியாக வரும். கெடு, பிரிவு, வட்டி ஆகியவை அப்படி அச்சாவதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

அடுத்து வந்த வரி சிவப்பில் இருந்தது. கெடு 31/07/2024, கடந்த நாட்கள் 149 என்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மை என்னவென்றால், பணம் கட்டுவதற்கான கெடு அந்த அறிவிப்பில் தேதியாக எங்குமே இல்லை. இந்த அறிவிப்பு கிடைத்த 30 நாட்களுக்குள் செலுத்த வேண்டும் என்று ஒரு வாக்கியமாக மட்டும் இருக்கிறது. அதைப் படித்துப் புரிந்து, மின்னஞ்சல் வந்த டிசம்பர் 18 உடன் 30 நாளைக் கூட்டினால் ஜனவரி 17 வரும். அவர்களுடைய இயந்திரம் கெடு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு தேதியைத் தேடியிருக்கிறது. தாளின் மேற்பகுதியில், வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்வதற்கான கெடுவாக ஜூலை 31 அச்சாகியிருந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டது. மூன்று வாரம் கையில் இருந்த ஒருவனை, ஐந்து மாதம் தப்பிவிட்டவனாக்கி மிரட்டியது அந்த ஒரு தேதிதான்.

பிரிவு என்ற இடத்தில் 156 என்று காட்டியது. இதை முழுப் பொய் என்று சொல்ல முடியாது, அதனால்தான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. என் கணக்கைச் சரிபார்த்து அனுப்பிய பிரிவு 143(1). அதில் பாக்கி இருந்தால் அந்த அறிவிப்பையே 156-ஆம் பிரிவின் கீழான கேட்பு அறிவிப்பாகக் கொள்ள வேண்டும் என்று கீழே ஒரு வரி சொல்கிறது. ஆக ஒரே தாளில் இரண்டு பிரிவுகள். ஒன்று கணக்கிட்டது, மற்றது பணம் கேட்பது. அவர்கள் இரண்டாவதை மட்டும் காட்டியதால், 143(1) என்பது நாம் காட்டியதற்கும் துறையிடம் உள்ளதற்கும் உள்ள வேற்றுமையைக் கணினி வழியாக ஒத்துப்பார்ப்பது என்பதும், தவறு இருந்தால் 154-ஆம் பிரிவின் கீழ் திருத்தக் கேட்கலாம் என்பதும் என் கண்ணுக்கே படவில்லை.

அந்த நிமிடத்தில் அந்தச் சேவையிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. நிபுணர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டவர், "சார், 156 வந்துவிட்டால் மறுக்க வழியே கிடையாது, கட்டித்தான் ஆக வேண்டும், நாளுக்கு நாள் வட்டி ஏறுகிறது" என்றார். உடனிருந்து கட்ட வைப்பதற்கு 4,500 ரூபாய், சரக்கு சேவை வரியோடு 5,310 ரூபாய் என்றார். கொடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல நான் அழுத்தினேன். திரையில் மொத்தம் 53,801 ரூபாய் என்று இருந்தது, அதையே கட்டினேன். இரவு பத்தரை மணிக்கு ரசீது வந்ததும் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

பொங்கலுக்கு அயனாவரத்திலிருந்து மாமா வந்திருந்தார். ஒரு தணிக்கையாளரிடம் முப்பது ஆண்டு கணக்கு எழுதியவர். தாளைக் கையில் வாங்கியவர் முதலில் கேட்டது, "ஏம்பா, இதைக் கூட்டிப் பார்த்தாயா?" என்பதுதான். பிறகு ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அட்டவணையில் இரண்டு நெடுவரிசைகள் உண்டு. ஒன்றில் நாம் காட்டிய தொகை, மற்றொன்றில் 143(1)-இன்படி அவர்கள் கணக்கிட்ட தொகை. டிடிஎஸ் வரியில் மட்டும் 42,000 ரூபாய் வேற்றுமை. மேலே, 234பி பிரிவில் வட்டி 3,780 ரூபாய். ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒன்பது மாதம், மாதம் ஒரு விழுக்காடு, 42,000-க்கு ஒன்பது விழுக்காடு என்று சரியாக வருகிறது. 234சி பிரிவில் 2,121 ரூபாய். முன்கூட்டிய வரியின் நான்கு தவணைகளும் தவறியதற்கான வட்டி. தவணை வாரியாக 189, 567, 945, 420 என்று மாமா எழுதிக் கூட்டிக் காட்டினார். இப்போது 42,000, 3,780, 2,121 மூன்றையும் கூட்டினால் 47,901. அருகிலுள்ள பத்து ரூபாய்க்குச் சரிசெய்தால் 47,900. அதாவது கடைசி வரியில் இருக்கும் 47,900 ரூபாய்க்குள் வட்டி ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. அந்தச் சேவையோ கடைசி வரித் தொகையை எடுத்துக்கொண்டு, வட்டி வரிகளையும் தனியே எடுத்து, 5,901 ரூபாயை இரண்டாம் முறை சேர்த்து 53,801 ஆக்கியிருக்கிறது. இந்த ஒரு கூட்டலை நான் அன்றிரவு செய்திருந்தால் அங்கேயே நின்றிருப்பேன்.

அதைவிடப் பெரிய விஷயம், அந்த 42,000 ஏன் விடுபட்டது என்பது. நம் பான் எண்ணில் பிடித்துக் கட்டிய வரியெல்லாம் பதிவாகும் 26AS படிவத்தைத் திறந்தால் வாடகை நிறுவனத்தின் பதிவே இல்லை. அவர்கள் என் பான் எண்ணில் ஓர் எழுத்தை மாற்றித் தாக்கல் செய்திருக்கிறார்கள். அவர்கள் தங்கள் டிடிஎஸ் அறிக்கையைத் திருத்தினால் வரவு என் கணக்கில் வரும். அதன்பின் 154-இல் திருத்தம் கேட்டால் கேட்பே இறங்கிவிடும். அதுவரை இணையதளத்தில் Response to Outstanding Demand பகுதியில் Disagree with demand என்று காரணத்தோடு பதில் போட்டிருக்க வேண்டும். ஒரு பைசா கட்டாமல் தீர்ந்திருக்கக்கூடிய விஷயத்துக்கு 59,111 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவர்கள் என்னை அலைக்கழித்த கதை. பொங்கல் முடிந்து அழைத்தபோது விடுமுறை என்றார்கள். 47,900 ரூபாய் இன்னும் பாக்கியாகவே காட்டுகிறதே என்றதற்கு, பதிவாக ஏழிலிருந்து பத்து வேலை நாள் ஆகும் என்றார்கள். நாங்களும் காத்திருந்தோம். பத்து நாள் கழித்து, நீங்கள் அனுப்பிய படம் தெளிவாக இல்லை என்றார்கள்; தெளிவில்லாத படத்துக்கு எதற்குப் பச்சைக் குறி என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கடைசியில் ஒரு மின்னஞ்சல் வந்தது: காட்டப்படும் விவரங்கள் தகவலுக்கு மட்டுமே, கட்டணம் திரும்பத் தரப்படாது. 5,310 ரூபாய் வாங்கும்போது இந்த வாக்கியம் எங்கே போயிருந்தது?

ஜனவரி 29 அன்றுதான் மாமா சலானைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அதில் இருந்தது Self-Assessment Tax (300). கேட்புத் தொகையைக் கட்டும்போது Regular Assessment Tax (400) என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 300-இல் கட்டியதால் பணம் உள்ளே போயும் பாக்கி அசையவில்லை. இணையதளத்தில் நாமே இதை மாற்ற, பணம் கட்டிய 30 நாட்கள்தான் அவகாசம். அது ஜனவரி 26 அன்றே முடிந்துவிட்டது. அவர்கள் சொன்ன ஏழு, பத்து வேலை நாட்களைக் கேட்டு உட்கார்ந்திருந்த நாட்கள்தான் அவை. இப்போது மதிப்பீட்டு அதிகாரியிடம் எழுத்துமூலம் கேட்க வேண்டும். கெடு முடிந்ததால் 220(2)-இன் கீழ் மாதத்துக்கு, மாதத்தின் ஒரு பகுதியானாலும், 479 ரூபாய் வட்டி வேறு ஏறும்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. படமெடுக்காதீர்கள், வந்த பிடிஎஃப் கோப்பையே பாருங்கள். கெடுவை நீங்களே எண்ணுங்கள், நாள் கணக்கு அறிவிப்பு கிடைத்த தேதியிலிருந்து தொடங்கும். வரியையும் வட்டிகளையும் கூட்டி, கடைசித் தொகையோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். 26AS படிவத்தைத் திறக்காமலும் கட்டாதீர்கள். கட்டிவிட்டீர்கள் என்றால், இப்போதே சலானை எடுத்து 300 என்று இருக்கிறதா, 400 என்று இருக்கிறதா என்று பாருங்கள். 30 நாள் தாண்டியிருக்காவிட்டால் இன்றே மாற்றுங்கள். நான் நாளை காலை மனுவோடு நுங்கம்பாக்கம் வருமான வரி அலுவலகத்துக்குப் போகிறேன்.