சம்பளச் சீட்டுப் படம்: ஓசிஆரா, படம் படிக்கும் மாடலா?

கைபேசியில் எடுத்த சம்பளச் சீட்டுப் படத்திலிருந்து வரவுகள், பிடித்தங்கள், நிகரச் சம்பளம் மூன்றையும் தனித்தனிப் புலங்களாக எடுக்க வேண்டியிருந்தது. படத்தில் உள்ள எழுத்தை அடையாளம் காணும் டெசராக்ட் போன்ற ஓசிஆரில் படித்து, நாமே விதி எழுதிப் பிரிப்பது ஒரு வழி. படத்தை அப்படியே ஒரு மொழி மாடலிடம் கொடுத்து ஜேசனாக வாங்குவது இன்னொன்று. மாடலை அமைப்பது சுலபம், ஓசிஆர் மலிவு. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் ஓசிஆரை எடுத்தேன். தப்பாகப் படித்தால் அது வெளியே தெரிய வேண்டும் என்பதே காரணம்.

சம்பளச் சீட்டு தன் கணக்கைத் தானே சரிபார்க்கும். அடிப்படைச் சம்பளம் 18,000, வீட்டுப்படி 7,200, பயணப்படி 1,600, மொத்தம் 26,800. பிடித்தம் 3,500 போக நிகரம் 23,300. ஓசிஆர் 18,000ஐ 13,000 என்று படித்தால் கூட்டல் 21,800தான் வரும். 5,000 உதைக்கிறது. ஆயிரம் இடத்தில் ஓர் இலக்கம்தான் தவறு என்று அந்த வித்தியாசமே சொல்லிவிடும். 8ஐ 3 என்று படிப்பது ஓசிஆரின் பழைய வழக்கம். அந்தச் சொல்லின் கட்டத்தை மட்டும் வெட்டி ஒருவரிடம் காட்டினால் போதும்.

இப்போது வீட்டுப்படி, பயணப்படி இரண்டின் மேலும் விளக்கொளி பட்டு எண்கள் வெளுத்துவிட்டன என்று வையுங்கள். ஓசிஆரில் 8,800 குறையும், சீட்டு நம் கூட்டல் சோதனையில் நின்றுவிடும். மாடலோ 26,800 என்ற மொத்தத்தையும் பார்க்கிறது. 7,000, 1,800 என்று எழுதிக் கொடுத்தாலும் கூட்டல் சரியாக வரும், நம் சோதனையும் தாண்டிப் போய்விடும். படித்த எண்ணா, ஊகித்த எண்ணா என்பதை விடையை வைத்துச் சொல்ல முடியாது. 'தெரியாவிட்டால் காலியாக விடு' என்று சொல்லிப் பார்க்கலாம். அது உதவும், ஆனால் உத்தரவாதம் இல்லை.

ஓசிஆரில் உழைப்பு அதிகம், ஒத்துக்கொள்கிறேன். முதலில் தாளின் நான்கு மூலைகளைப் பிடித்துப் படத்தை நேராக்க வேண்டும். இல்லாவிட்டால் வலது பக்க எண்கள் அடுத்த வரிக்கு இறங்கிவிடும். அப்புறம் இது:

```
tesseract slip.png out -l tam+eng --psm 6 tsv
```

இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் படத்தில் அது இருக்கும் இடமான `left`, `top`, எவ்வளவு நிச்சயமாகப் படித்தது என்ற அளவான `conf` கிடைக்கும். வரவு இடப்பக்கமும் பிடித்தம் வலப்பக்கமுமாக இருக்கும் சீட்டில் ஒரே வரியில் இரண்டும் ஒட்டி வரும். `left` மதிப்பை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். 'இந்த ஆண்டு இதுவரை' என்று கூடுதல் எண் பத்தி இருந்தால் அதையும் தனியே ஒதுக்க வேண்டும்.

என் அனுபவம் அச்சடித்த சில வடிவங்களோடு சரி. நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் சீட்டுகள் வந்தால் விதிகளைப் பராமரிப்பதே முழுநேர வேலையாகலாம். கையெழுத்துச் சீட்டுக்கு டெசராக்ட் தோதுப்படாது. மாடலுக்கு நான் விட்டிருக்கும் வேலை ஒன்றுதான்: எண்களை மறைத்துவிட்டு, 'வீ.வா.படி' போன்ற சுருக்கப் பெயர்களை மட்டும் கொடுத்து, எது எந்தப் புலம் என்று கேட்பது.