தொடர்மாடி வீடு வாங்குபவர்களே, கட்டியவர் காட்டும் ஒரு பக்க மின்சார லோட் கணக்கை வீட்டு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்

மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் ஒரு தொடர்மாடியில் வீடு வாங்கி இரண்டு வருடமாக இருக்கிறோம். கட்டியவர் அடுத்த கட்டடத்துக்கு முன்பணம் வாங்கத் தொடங்கிவிட்டார் என்று போன கிழமை கேள்விப்பட்டேன். அங்கே வீடு பார்க்கப் போன என் நண்பர் கொண்டுவந்து காட்டிய கோப்பில், எங்களுக்குத் தந்த அதே மாதிரியான மின்சாரக் கணக்கு, அதே எண்களோடு இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். பெயர் சொல்லப்போவதில்லை. கணக்கைச் சொல்கிறேன், யாரிடம் வாங்கினாலும் நீங்களே சரிபார்க்கலாம்.

எங்களுக்குக் காட்டியது ஒரு பக்கம். மூன்று மாடி, ஒன்பது வீடு. ஒவ்வொரு வீட்டிலும் என்ன இருக்கும் என்று பட்டியல் போட்டிருந்தார்கள். மூன்று படுக்கையறை ஏசி தலா 1.2 கிலோவாட், ஹோல் ஏசி 1.8, ஷவர் ஹீட்டர் 3, குசினிச் சாமான்களும் அயன் பெட்டியும் சேர்த்து 4, லைட், ஃபேன், டிவி, ஃபிரிட்ஜ், வொஷிங் மெஷின் எல்லாம் சேர்த்து 1.6. மொத்தம் 14 கிலோவாட். இதில் பிழை இல்லை. ஒன்பது வீட்டுக்கு 126.

அடுத்த வரியில் 'டிமாண்ட் ஃபேக்டர் 0.4' என்று போட்டு 50.4 ஆக்கினார்கள். அதற்கு அடுத்த வரியில் 'வீடுகளுக்கிடையிலான ஃபேக்டர் 0.6', 30.2 ஆனது. லிஃப்ட், தண்ணி மோட்டர், படிக்கட்டு லைட்டுக்கு 5 கூட்டி, 35 கிலோவாட். மெயின் பிரேக்கர், கட்டடத்துக்கு வரும் மூன்று மின் லைனுக்கும் தலா 100 ஆம்பியர், வோல்ட்டால் பெருக்கினால் 69 கேவிஏ. கடைசி வரியில் தடித்த எழுத்தில்: மிச்சக் கொள்ளளவு 34, ஏறத்தாழப் பாதி.

"அண்ணன், பாதி சும்மா கிடக்கு, எல்லா அறைக்கும் ஏசி போடுங்க" என்று சொல்லித்தான் விற்றார். நானும் நம்பினேன். பிறகு அந்தப் பாதியைக் காட்டியே நான்காம் மாடி கட்டி, மூன்று வீடு கூடுதலாக விற்றார்.

முதல் கச்சான் வெக்கைக் காலத்தில் வினை தொடங்கியது. இரவு ஒன்பதரைக்கு எல்லா வீட்டிலும் ஏசி ஓடும். பத்தே முக்கால், பதினொன்று என்று மெயின் விழும். கட்டடம் முழுக்க இருட்டு. கீழே இறங்கிப் போய் உடனே தூக்கினால் நிற்காது, கொஞ்ச நேரம் விட்டுத் தூக்கினால் நிற்கும். பன்னிரண்டுக்குப் பிறகு தூக்கினால் விடியும் வரை விழாது. எங்கோ வயர் முட்டுகிறது என்று கட்டியவரின் ஆள் இரண்டு கிழமை தேடினார். வயர் முட்டினால் பிரேக்கர் அந்தக் கணமே விழும், ஒரு மணி நேரம் காத்திருக்காது. மெல்லச் சூடாகி விழுவது, ஆறிய பிறகு நிற்பது, இரண்டும் அளவுக்கு மிஞ்சிய லோடின் அடையாளம். அப்போது எனக்கு இது தெரியாது.

ஒரு நாள் அவர்களே வந்து 'பழுதான பிரேக்கரை' மாற்றினார்கள். அதன்பிறகு மெயின் விழவே இல்லை. நாங்கள் நன்றி சொல்லி அனுப்பினோம்.

போன வருடம் மே மாதம் என் மச்சினன் லீவில் வந்திருந்தான். கட்டாரில் எலக்ட்ரிக்கல் எஞ்சினியர். இரவு சாப்பிட்டு முடித்து கீழே காற்று வாங்க நின்றபோது, மெயின் போர்ட் அறைப் பக்கம் ஏதோ பிளாஸ்டிக் கருகும் வாசம் வருகிறது என்றான். கதவைத் திறந்து டோர்ச் அடித்துக் காட்டினான். சிவப்பு லைன் கேபிள் பிரேக்கரில் சேரும் இடத்தில், சிவப்பாக இருக்க வேண்டிய உறை கருங்கபில நிறமாகி விறைத்துப் போயிருந்தது. பக்கத்தில் மஞ்சளும் நீலமும் புதுசு போல இருந்தன. பிரேக்கரின் முகத்தில் 160 என்று இருந்தது. கேபிள் பழைய 25 சதுர மில்லிமீட்டர் பி.வி.சி. கேபிள்தான். அது 160 ஆம்பியர் தாங்காது. பிரேக்கர் விழுந்து காப்பாற்ற வேண்டிய கேபிளை, விழாத பிரேக்கரைப் போட்டு எரிய விட்டிருக்கிறார்கள். மேலே பன்னிரண்டு குடும்பம் பிள்ளைகளோடு தூங்கியது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கை நடுங்குகிறது.

அடுத்த நாள் இரவு பத்தே கால் மணிக்கு அவன் கேபிளைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டரால் அளந்தான். சிவப்பு 138 ஆம்பியர், மஞ்சள் 74, நீலம் 70.

"அத்தான், அந்தப் பேப்பரைக் கொண்டு வாங்க" என்றான். கொண்டு போனேன். அவன் முதலில் செய்தது ஒரே ஒரு வகுத்தல். 30.2 ஐ 9 ஆல் வகுத்தான். 3.36 கிலோவாட். "இவங்க கணக்கில ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான். உங்கட மூணு படுக்கையறை ஏசியே 3.6." அந்தப் பேப்பரை நாங்கள் எத்தனை தடவை பார்த்திருப்போம். ஒருத்தருக்கும் இந்த வகுத்தல் தோன்றவில்லை.

பிறகு ஆறுதலாக விளங்கப்படுத்தினான். ஒரு வீட்டில் இருக்கும் எல்லாச் சாமானும் ஒரே நேரத்தில் ஓடாது, அதனால் முதல் ஃபேக்டர். எல்லா வீட்டின் உச்சமும் ஒரே நேரத்தில் வராது, அதனால் இரண்டாவது. இரண்டும் நியாயமானவைதான். ஒரு வீட்டில் சோறு வேகும்போது இன்னொரு வீட்டில் அயன் பண்ணுவார்கள், வேறொரு வீட்டில் ஆளே இருக்காது. வீட்டு எண்ணிக்கை கூடக்கூட இந்த இரண்டாவது எண் குறையும். பிரான்ஸ் நாட்டில் வழங்கும் அட்டவணை ஒன்றில் 5 முதல் 9 வீட்டுக்கு 0.78, 10 முதல் 14 வீட்டுக்கு 0.63. அதுவும் மின்சாரத்தால் சூடாக்காத வீடுகளுக்கு. ஏனென்றால் குளிர் வந்தால் எல்லா வீட்டு ஹீட்டரும் சேர்ந்துதான் ஓடும், அங்கே வீடுகளுக்கிடையில் வித்தியாசம் இல்லை.

நமக்கு அந்த ஹீட்டரின் இடத்தில் ஏசி. கச்சான் அடிக்கும் இரவில் மட்டக்களப்பில் யார் படுக்கையறை ஏசியை அணைத்து வைப்பார்கள்? பத்து மணிக்கு ஏறக்குறைய எல்லாமே ஓடும். அந்த ஏசியையும், காலையில் பத்து நிமிடம் ஓடும் ஷவர் ஹீட்டரையும், கேத்திலையும் ஒரே பையில் போட்டு 0.4 ஆல் பெருக்கியதுதான் முதல் பிழை. அந்தக் கலவையை மறுபடியும் 0.6 ஆல் பெருக்கியது இரண்டாவது.

அவன் போட்ட கணக்கு இது. இரவு பத்து மணி என்று நேரத்தை முதலில் முடிவு பண்ணினான். படுக்கையறை ஏசிகள் 3.6 இல் பத்துக்கு ஒன்பது பங்கு ஓடும் என்று வைத்து 3.2. ஹோல் ஏசி பாதி வீட்டில் ஓடும் என்று சராசரியாக 0.9. ஃபிரிட்ஜ், ஃபேன், லைட், டிவிக்கு 0.6. அந்த நேரத்தில் ஷவர் ஹீட்டரும் குசினியும் ஏறக்குறைய பூச்சியம். ஒரு வீட்டுக்கு 4.7 கிலோவாட். கேவிஏயில் கிலோவாட்டாக வேலை செய்யும் பங்கான பவர் ஃபேக்டரை 0.9 என்று எடுத்து 230 வோல்ட்டுக்கு மாற்றினால், வீட்டுக்கு 22, 23 ஆம்பியர். மீட்டர் காட்டியதும் அதையொட்டித்தான் இருந்தது.

அப்படியானால் சிவப்பு மட்டும் ஏன் 138? முதல் மாடி சிவப்பு லைனில், இரண்டாம் மாடி மஞ்சளில், மூன்றாம் மாடி நீலத்தில் கொடுத்திருந்தார்கள். பிறகு கட்டிய நான்காம் மாடியை மூன்று லைனிலும் பிரிக்காமல், கைக்கு எட்டிய சிவப்பிலேயே கொழுவிவிட்டார்கள். ஆறு வீடு ஒரு லைனில், மற்ற இரண்டிலும் மும்மூன்று. மூன்றையும் கூட்டினால் 282, சராசரி 94. பேப்பரில் பார்த்தால் 100க்குள் அடங்குகிறது. ஆனால் மிச்சம் என்பது மூன்று லைனும் கூட்டிப் பார்ப்பது இல்லை, அதிகம் சுமக்கும் லைனில் என்ன மிஞ்சுகிறதோ அதுதான் மிச்சம். இங்கே மிச்சம் இல்லை, 38 ஆம்பியர் கடன்.

நள்ளிரவுக்குப் பிறகு மெயின் ஏன் நின்றது என்பதும் அப்போதுதான் விளங்கியது. அறை குளிர்ந்ததும் ஏசியின் கம்பிரசர் விட்டுவிட்டுத்தான் ஓடும், சிவப்பு லைன் 100க்குக் கீழே வந்துவிடும்.

இன்னொன்று. எங்களுடையது 42 கேவிஏக்கு மேற்பட்ட இணைப்பு, அதனால் மாதப் பில்லிலேயே அந்த மாத உச்சத் தேவை கேவிஏயில் வரும். பழைய பில்களை எடுத்துப் பார்த்தோம். கச்சான் மாதங்களில் 64, 65. பேப்பரில் இருந்ததோ 35 கிலோவாட், கேவிஏக்கு மாற்றினால் 39. மூன்று வீடு கூடியதைக் கழித்துப் பார்த்தாலும் அந்தக் கணக்கு நிற்காது. பில் கட்டுவதற்காக மட்டும் பார்த்த தாள் அது. ஆனால் பில்லில் மொத்தம்தான் வரும், எந்த லைன் எரிகிறது என்று வராது. அதற்கு கிளாம்ப் மீட்டர்தான் வேண்டும், அதுவும் உச்ச நேரத்தில். பகல் பதினொரு மணிக்கு வந்து அளந்து "எல்லாம் ஓகே" என்று சொல்பவரிடம் இரவு வரச் சொல்லுங்கள்.

கட்டியவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். கணக்குப் போட்டவர் வெளிநாடு போய்விட்டார் என்றார், எல்லோரும் ஒரே நேரத்தில் ஏசி போட்டால் தான் என்ன செய்வது என்றார். அப்புறம் போன் எடுக்கவில்லை. எரிந்த கேபிளை மாற்றியது, நான்காம் மாடியின் மூன்று வீட்டையும் லைனுக்கு ஒன்றாகப் பிரித்தது, 100 ஆம்பியர் பிரேக்கரைத் திரும்பப் போட்டது எல்லாம் நாங்கள் பன்னிரண்டு பேரும் காசு போட்டுச் செய்தது.

இப்போது இரவு பத்து மணிக்கு 95, 94, 93. மிச்சம் 5 ஆம்பியர். அந்த எண்களையும், அளந்த திகதியையும் நேரத்தையும் எழுதி போர்ட் அறைக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறோம்.

போன மாதம் இரண்டாம் மாடிக்காரர் மின்சாரக் கார் வாங்கிவிட்டு 7 கிலோவாட் சார்ஜர் பூட்டக் கேட்டார். அது ஒரு லைனில் 30 ஆம்பியர். கதவைத் திறந்து அந்தத் தாளைக் காட்டினேன். மச்சினனிடம் போனில் கேட்டு, சாதாரண பிளக்கில் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்காத சிறிய சார்ஜர், இரவு ஒரு மணிக்குப் பிறகு மட்டும், டைமரோடு என்று முடிவாயிற்று. முதல் இரவு ஒன்றரைக்கு நானும் அவரும் போர்ட் அறைக்குப் போய் மஞ்சள் லைனை அளந்தோம். 71.