‘இத பண்ணிக் குடு’ என்று மட்டும் சொன்னால்: நோட்ஸை ஏஐ ஆப்பில் போட்டுப் படித்த ஒன்றரை வருடம்

இரண்டாம் வருட நர்சிங் இன்டர்னலுக்கு முந்தின ராத்திரி. ரத்தம் ஏற்றுதல் பற்றி மேம் நடத்திய பாடம், என் கையெழுத்தில் 14 பக்கம். காலடிப்பேட்டை வீட்டில் கரண்ட் வேறு போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து ஏஐ ஆப்பில் ஏற்றிவிட்டு, ‘இத பண்ணிக் குடு’ என்று மட்டும் டைப் பண்ணினேன். எதைப் பண்ண வேண்டும் என்று எனக்கே தெரியாது. படித்துத் தொலைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்றரைப் பக்க சம்மரி வந்தது. அழகாக இருந்தது. அதைப் படித்துவிட்டுத் தூங்கினேன். மறுநாள் பேப்பரில் கேட்டிருந்த ஐந்து மார்க் கேள்விக்கு அதில் ஒரு வரிகூடப் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நோட்ஸையும் சம்மரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நோட்ஸில் இருந்தது இது: ரத்த வங்கியிலிருந்து பை வெளியே வந்தால் 30 நிமிடத்துக்குள் ஏற்ற ஆரம்பிக்க வேண்டும், 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், முதல் 15 நிமிடம் நர்ஸ் நோயாளியை விட்டு நகரக் கூடாது, அதே லைனில் 0.9% நார்மல் சலைன் தவிர வேறு எதுவும் போகக் கூடாது. சம்மரியில் இருந்தது இது: ‘உரிய நேரத்துக்குள் ஏற்றி, பொருத்தமான திரவத்தைப் பயன்படுத்தி, நோயாளியைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும்.’ தப்பு என்று எதைச் சொல்ல முடியும்? ஒன்றுமே தப்பில்லை. ஆனால் 30, 4, 15, 0.9 என்று கேள்வித்தாள் கேட்கிற நான்கும் காணோம். சுருக்கு என்றால் முதலில் எண்ணும் விதிவிலக்கும்தான் கழன்று விழுகின்றன. பொதுப்படையான வாக்கியம் தங்கிவிடுகிறது.

அதன் பிறகும் பல மாதம் நான் அதே ஒரு வரியைத்தான் அனுப்பினேன். சோம்பேறித்தனம்தான். ஒரு நாள் சம்மரி வரும், ஒரு நாள் 10 கேள்வி வரும், ஒரு நாள் இரண்டும் கலந்து வரும். சில சமயம் எதையும் செய்யாமல் எத்தனை கேள்வி, எந்தத் தேர்வு, எந்த மொழி என்று நாலைந்து விஷயத்தைத் திருப்பிக் கேட்கும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அதற்குப் பதில் எழுத யாருக்குப் பொறுமை? இப்போது யோசித்தால் எனக்குப் பிடித்தது வேறு ஒரு விதம். ‘தேர்வுக்கு என்று எடுத்துக்கொண்டு 20 கேள்வி தயாரித்திருக்கிறேன்’ என்பதுபோல ஒரு வரியில் தன் யூகத்தைச் சொல்லிவிட்டு வேலையை முடித்துத் தருவது. யூகம் தப்பாக இருந்தால் ஒரே வார்த்தையில் திருத்திவிடலாம். யூகத்தைச் சொல்லாமல் செய்வதுதான் ஆபத்து. நான் கவனிக்கவே மாட்டேன்.

சம்மரியை விட்டுவிட்டுக் குவிஸுக்கு மாறியதற்கு நர்சிங் எஜுகேஷன் வகுப்பும் ஒரு காரணம். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட சோதனையை மேம் சொன்னார். ஒரு கூட்டம் பாடத்தைத் திரும்பப் படித்தது, இன்னொரு கூட்டம் படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவில் இருந்தது, மற்றவர்களுக்கு 42. சம்மரி படித்த ராத்திரி எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

சரி, குவிஸ் கதைக்கு வருகிறேன். அதே 14 பக்கத்துக்கு 10 கேள்வி வந்தது, நான் 9 வாங்கினேன். சந்தோஷமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி (ஒன்பதாம் வகுப்பு, ரத்தத்தைப் பார்த்தாலே மயங்குகிறவன்) போனைப் பிடுங்கி, சும்மா தட்டிக்கொண்டே போனான். 7 மார்க்.

“டேய், எப்படிடா?”

“எது நீளமா இருக்கோ அத தட்டுக்கா. அதான் ஆன்சர்.”

அவன் சொன்னது சரி. சரியான விடை மட்டும் ‘ஏற்றுவதை உடனே நிறுத்தி, புதிய டியூபில் சலைன் வைத்து, மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்’ என்று முழு வாக்கியமாக இருந்தது. மற்ற மூன்றும் ‘வேகத்தைக் குறைக்க வேண்டும்’ மாதிரி மூன்றே வார்த்தை. தப்பான விடைகளும் யாரும் தேர்ந்தெடுக்காத தப்புகள். ஒன்றில் ‘நோயாளிக்கு உணவு கொடுக்க வேண்டும்’ என்றுகூட இருந்தது. என் 9 மார்க்கில் எனக்குத் தெரிந்தது எவ்வளவு, நீளம் பார்த்துத் தட்டியது எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து புதுக் குவிஸ் வந்தால் முதலில் தம்பியிடம்தான் கொடுக்கிறேன். நான்கு விடையில் குருட்டாம்போக்கில் தட்டினால் பத்துக்கு இரண்டு மூன்று வர வேண்டும். அதற்கு மேல் அவன் வாங்கினால் அந்தக் குவிஸ் ஒப்பேறாது.

இன்னொன்றையும் அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு கேள்வியும் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று ஓரத்தில் எழுதிப் பார்த்தால், ஆறு கேள்வி முதல் மூன்று பக்கத்திலிருந்து. பதினொன்றிலிருந்து பதினான்கு வரை ஒன்றே ஒன்றுதான். ரியாக்‌ஷன் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது முழுக்க அந்தக் கடைசிப் பக்கங்களில்தான் இருந்தது.

கையெழுத்துக்கும் ஒரு வார்த்தை. நான் 4 போடும்போது மேலே மூடிவிடுவேன், சின்ன வயதுப் பழக்கம். ஆப் அதை 9 என்று படித்து, ‘ஒரு பை ரத்தத்தை எத்தனை மணி நேரத்துக்குள் ஏற்றி முடிக்க வேண்டும்?’ என்ற கேள்விக்கு 9 என்று விடை வைத்திருந்தது. பாடம் தெரிந்ததால் சிரித்தேன். தெரியாமல் இருந்திருந்தால் 9 என்றே மனப்பாடம் பண்ணியிருப்பேன். இப்போது போட்டோ ஏற்றியதும் முதல் வேலை, நோட்ஸிலிருக்கும் எண்களை மட்டும் பக்க வாரியாக எழுதித் தரச் சொல்வது. இரண்டு நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். அப்புறம்தான் குவிஸ். வார்டில் எடுத்த போட்டோ எதுவும் கூடச் சேர்ந்து போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு முறை நோயாளியின் பெயர் தெரிகிற கேஸ் ஷீட் ஒன்று ஏறப் பார்த்தது, கடைசி நொடியில் கையை எடுத்தேன்.

ஆனால் என்னை நிஜமாகக் குழப்பியது சொட்டுக் கணக்கு. மேம் கொடுத்த கணக்கு: 300 மில்லி பேக்டு செல், 3 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், ஒரு மில்லிக்கு 15 சொட்டு. 300-ஐ 15-ஆல் பெருக்கி 180 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 25 சொட்டு. குவிஸில் அதே கணக்குக்கு 33 என்று விடை. நான் மூன்று தரம் போட்டுப் பார்த்தேன், 25-தான் வந்தது. விளக்கத்தைத் திறந்தால் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று எடுத்திருக்கிறது. நோட்ஸில் 15 என்று தெளிவாக இருந்தும், வெளியே எங்கோ இருக்கும் 20-ஐ எடுத்துப் போட்டு, மாற்றியதைச் சொல்லவும் இல்லை.

மறுநாள் வார்டில் சீனியர் அக்காவிடம் கேட்டேன். அவர் பேசவே இல்லை, ரத்தம் ஏற்றும் டியூப் செட் இருந்த கவரைத் திருப்பிக் காட்டினார். அதில் 20 சொட்டு என்று அச்சடித்திருந்தது. “செட்டுக்கு செட்டு மாறும். கவரப் பாத்துட்டுத்தான் கணக்கு போடணும்” என்றார். ஆக, மேம் சொன்ன 15-ம் தப்பில்லை, ஆப் போட்ட 20-ம் தப்பில்லை. ஆனால் தேர்வுத்தாளில் 15 என்று கொடுத்திருந்தால் 33 என்று எழுதுகிறவளுக்கு மார்க் கிடையாது. நோட்ஸ் சொல்வதும் வெளியில் இருப்பதும் வேறாக இருக்கும்போது இரண்டையும் எனக்குக் காட்ட வேண்டும், ஒன்றை எடுத்து இன்னொன்றை மறைக்கக் கூடாது. நான் எதிர்பார்ப்பது அவ்வளவுதான்.

இப்போது ஒரு வரிக்குப் பதில் போனில் சேமித்து வைத்த ஐந்து வரியை ஒட்டுகிறேன். இந்த நோட்ஸிலிருந்து மட்டும் 20 கேள்வி. எல்லாப் பக்கத்திலிருந்தும் வர வேண்டும், கேள்விக்கு எதிரே பக்க எண். நான்கு விடையும் ஏறக்குறைய ஒரே நீளம், தப்பு விடை மாணவர்கள் நிஜமாகக் குழம்புகிற விஷயமாக இருக்கட்டும். நோட்ஸுக்கும் வெளித் தகவலுக்கும் முரண் இருந்தால் தனியாகக் கடைசியில் எழுது. விடைகளைக் கேள்விக்குக் கீழே வைக்காதே, மொத்தமாகக் கடைசியில் வை. இந்தக் கடைசி விஷயம் சின்னதாகத் தெரியும். விடை கண்ணில் பட்டுவிட்டால் அது குவிஸே இல்லை, மறுபடி படிப்பதுதான்.

ஃபிளாஷ் கார்டில் வேறு மாதிரிப் பிரச்சினை. சும்மா கேட்டால் முன்பக்கம் ‘ரத்தம் ஏற்றும்போது நர்ஸின் கடமைகள்?’ என்றும் பின்பக்கம் ஒன்பது வரியும் வரும். ஐந்து வரி ஞாபகம் வந்தாலே தெரியும் என்று தள்ளிவிடுவேன். மீதி நான்கு என்றைக்கும் வராது. ஒரு கார்டுக்கு ஒரே பதில், அதுவும் காரணத்தோடு கேட்கிற கார்டு என்று சொன்ன பிறகுதான் உருப்பட்டது. நான் அங்கி என்கிற ஃபிளாஷ் கார்டு ஆப்பில் ஏற்றுவதால் இப்படி டெக்ஸ்ட் ஃபைலாகவே வாங்கிக்கொள்கிறேன்:

```
#separator:Semicolon
ரத்தம் போகும் லைனில் அனுமதி உள்ள திரவம்?;0.9% நார்மல் சலைன்
5% டெக்ஸ்ட்ரோஸ் ஏன் கூடாது?;சிவப்பணுக்கள் உடையும்
ரிங்கர் லாக்டேட் ஏன் கூடாது?;கால்சியம் இருப்பதால் ரத்தம் உறையும்
```

மூன்றாவது கார்டுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தை நானே சேர்த்துக்கொண்டேன். பையில் ரத்தம் உறையாமல் இருக்கச் சிட்ரேட் கலந்திருப்பார்கள். அது கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு வேலை செய்கிறது. வெளியிலிருந்து கால்சியம் வந்தால் சிட்ரேட்டின் வேலை கெட்டுவிடும். இது தெரிந்த பிறகு அந்தக் கார்டு மறக்கவே இல்லை. அங்கிக்கு நெட் தேவையில்லை என்பதால் மெட்ரோவில் வண்ணாரப்பேட்டை வருவதற்குள் முப்பது கார்டு முடிந்துவிடும், உட்கார இடம் கிடைத்தால்.

சம்மரியை முழுசாக விட்டுவிடவில்லை. வகுப்புக்கு லீவு போட்ட நாளில் தோழியின் நோட்ஸ் கிடைத்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கச் சம்மரி போதும். தேர்வுக்கு அதை நம்புவதில்லை. இலவசக் கணக்கில் ஒரு நாளைக்கு ஏற்றும் படங்களுக்கு வரம்பு இருக்கிறது. பெரிய பாடத்தை இரண்டு நாளாகப் பிரித்து ஏற்றுகிறேன், பெரிய தொல்லையில்லை.

போன வாரம் அதே ரத்தம் ஏற்றும் பாடத்துக்கு, அந்த ஐந்து வரியோடு புதுக் குவிஸ் எடுத்தேன். 20 கேள்வி, கடைசிப் பக்கங்களிலிருந்து மட்டும் ஏழு. தம்பியிடம் நீட்டினேன். ஐந்து மார்க்.

“இன்னாக்கா இது, எல்லாமே ஒரே சைஸுல இருக்குது” என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போய்விட்டான். எனக்கு 14 வந்தது. தவறிய ஆறில் நான்கு ரியாக்‌ஷன் பகுதி. அன்று ராத்திரி அந்த நான்கு பக்கத்தை மட்டும் படித்தேன்.