"என்ன பார்க்கணும்?" என்று கேட்பதா, "என்ன செய்வீர்கள்?" என்று கேட்பதா?

டர்பனுக்கு அருகே சாட்ஸ்வர்த்தில் மளிகையும் மசாலாவும் விற்கும் ஒரு கடைக்கு நான் இரண்டு முறை தானியங்கி அறிக்கை செய்துகொடுத்தேன். கடைக்காரரும் கல்லாக் கணினியும் இரண்டு முறையும் அதேதான். நான் முதலில் கேட்ட கேள்வி மட்டும் மாறியது. நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை, இரண்டாவது கேள்வியின் பக்கம்தான்.

முதல் முறை கேட்டது வழக்கமான கேள்வி: "அண்ணா, அறிக்கையில் என்னென்ன வேணும்?" அவர் யோசித்து யோசித்துச் சொன்னார். நாள் விற்பனை, பொருள்வாரி விற்பனை, லாப விகிதம், போன வருடத்தோடு ஒப்பீடு என்று பதினான்கு பத்திகள் சேர்ந்தன. தினமும் இரவு ஒன்பது மணிக்கு மின்னஞ்சலில் போய்ச் சேரும்படி அமைத்தேன். இந்த வழியின் நன்மையும் உண்மையானதுதான். பேச்சு அரை மணியில் முடிகிறது, உரிமையாளருக்கும் கேட்டதெல்லாம் கிடைத்த திருப்தி. மூன்று வாரத்துக்குப் பிறகு அவர் அதைத் திறப்பதையே விட்டுவிட்டார்.

இரண்டாவது முறை அறிக்கை என்ற சொல்லையே எடுக்கவில்லை. "போன வாரம் கடைக்காக என்ன முடிவு எடுத்தீங்க, அண்ணா?" என்று கேட்டேன். "முடிவா? சரக்கு ஆர்டர் போட்டேன், அவ்வளவுதான் தம்பி." அங்கேயே நின்று தோண்டினேன். ஆர்டர் என்றைக்குப் போகிறது? திங்கள் காலை பத்து மணிக்குள். சரக்கு எப்போது வரும்? புதன்கிழமை. கடைசியாக எது தீர்ந்துபோனது? இங்கே எல்லோரும் ஆயில் டால் என்று சொல்லும் துவரம் பருப்பு, அதுவும் சம்பளம் வந்த வாரத்துச் சனிக்கிழமை.

இந்தப் பதில்களிலேயே அறிக்கையின் நேரம் தெரிந்துவிட்டது. இரவு ஒன்பது மணி அறிக்கையால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை. திங்கள் காலை ஆறு மணிக்கு, கடை திறப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டும். திங்கள் போடும் ஆர்டர், அடுத்த வாரப் புதன் சரக்கு வரும்வரை தாங்க வேண்டும் என்பதால் ஒன்பது நாள் கணக்கு. அவர் மனநிம்மதிக்கு இரண்டு நாள் கூடுதல் கேட்டார். ஆக, பதினொரு நாள்.

அப்புறம் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சோதனைக் கேள்வி: "இது இரட்டிப்பானால் என்ன செய்வீர்கள்? பாதியானால்?" லாப விகிதத்துக்கு அவர் சொன்னது, "பார்த்துக்கலாம்." அப்படி ஒரு பதில் வந்தால் அந்த எண்ணுக்குப் பின்னால் முடிவு எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அது பட்டியலிலிருந்து போய்விட்டது. பதினான்கில் மிஞ்சியவை இரண்டு: ஒரு நாளைக்குச் சராசரியாக எவ்வளவு போகிறது, கையில் எவ்வளவு இருக்கிறது.

கையிருப்பில்தான் இன்னொரு கேள்வி தேவைப்பட்டது: "கணினி சொல்லும் எண்ணை நம்பி ஆர்டர் போடுவீங்களா, இல்லை அலமாரியைப் பார்ப்பீங்களா?" அவர் சிரித்துக்கொண்டே என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். கணினியில் துவரம் பருப்பு 31 பை, அலமாரியில் 24. உடைந்த பை, வீட்டுக்கு எடுத்துப் போனது, கோயிலுக்குக் கொடுத்தது எதுவும் கல்லாவில் பதிவாவதில்லை. அதனால் ஞாயிறு மாலை அவர் மனைவி இருபது முக்கியப் பொருள்களை மட்டும் எண்ணிக் கைப்பேசியில் பதிவது என்று முடிவானது. சூத்திரம் இவ்வளவுதான்:

```
=ROUNDUP(MAX(0, B2*11-C2), 0)
```

B2 என்பது நான்கு வாரச் சராசரியின்படி ஒரு நாள் விற்பனை, C2 எண்ணிப் பார்த்த கையிருப்பு. நாளுக்கு 6 பை போனால் 66 வேண்டும். 24 இருப்பதால் ஆர்டர் 42. கணினியின் 31-ஐ நம்பியிருந்தால் 35 என்று வந்திருக்கும். ஏழு பை குறைந்தாலே மேலே சொன்ன இரண்டு நாள் கூடுதலில் பாதிக்கு மேல் போய்விடும்.

என்னைப் பொறுத்தவரை இரண்டு வழிகளுக்கும் இடையே தீர்ப்புச் சொல்லும் விஷயம் வேறு: பராமரிப்பு. அறிக்கை செய்வது ஒரு வாரத்து வேலை. அதைச் சரியாக ஓடவிடுவது வருடக்கணக்கான வேலை, ஏனென்றால் அடியில் இருக்கும் தரவு மாறிக்கொண்டே இருக்கும். முதல் அறிக்கை ஓடிய காலத்தில் ஒரு சரக்குக்காரர் மிளகாய்த்தூள் பாக்கெட்டின் பார்கோடை மாற்றினார். கல்லாவில் அது புதுப் பொருளாக, எந்தப் பிரிவிலும் சேராமல் நுழைந்தது. மொத்த விற்பனை சரியாகவே இருந்ததால், மசாலாப் பத்தி ஐந்து வாரம் தவறாகவே போனது யாருக்கும் தெரியவில்லை. நான் வேறு எதற்கோ தோண்டியபோதுதான் கண்ணில் பட்டது. அந்த எண்ணை வைத்து யாரும் எதுவும் செய்யவில்லை, அதனால் அது தவறானபோது யாருக்கும் வலிக்கவில்லை.

இரண்டாவது அறிக்கையிலும் இதே கோளாறு, இந்த முறை துவரம் பருப்புக்கு வந்தது. ஒரு வாரம் முழுக்கப் பழைய பார்கோடில் விற்பனை பூஜ்யம். மூன்று வாரம் வாரத்துக்கு 42 பை, ஒரு வாரம் 0 என்றால் சராசரி நாளுக்கு 4.5 பை. அன்றும் கையிருப்பு 24 பைதான், ஆகவே 42 வர வேண்டிய இடத்தில் 26 வந்தது. திங்கள் காலை ஆறேகாலுக்கு என் போன் அடித்தது: "தம்பி, பருப்பு 26 பையா? கூட்டம் ஒன்றும் குறையலையே." பத்து மணிக்குள் சரிசெய்து ஆர்டர் போய்விட்டது. பூஜ்யம் என்று வந்திருந்தால் யாருமே பிடித்திருப்பார்கள். 26 என்பது நம்பக்கூடிய எண். ஆனாலும் அதை வைத்துப் பணம் போடப் போகிறவர் அவர் என்பதால் அவர் கண்ணுக்கு உறுத்தியது. முடிவோடு கட்டிய அறிக்கையைக் காவல் காக்க நான் தனியாக ஒன்றும் எழுத வேண்டியிருக்கவில்லை. பதினான்கு பத்தி அறிக்கைக்கு, ஒவ்வொரு பத்திக்கும் நான்தான் காவல்.

இதனாலேயே இப்போது கடைசியாக ஒன்றைக் கேட்கிறேன்: "இந்த எண் தவறாக வந்தால் உங்களுக்கு எத்தனை நாளில் தெரியும்?" அன்றே தெரியும் என்றால் கட்டலாம். தெரியவே தெரியாது என்றால், கட்டுவதற்கு முன் இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். கூடவே, "உங்களுக்குத் தெரிந்தது, கல்லாவுக்குத் தெரியாதது என்ன?" என்பதும். அவர் சட்டென்று புரட்டாசி என்றார். இங்கே நிறையத் தமிழ்க் குடும்பங்கள் அந்த மாதம் கறி மீன் தொடுவதில்லை, பருப்பு கூடப் போகும். நான்கு வாரச் சராசரி அதைப் பின்னாலிருந்து துரத்தத்தான் முடியும். அதனால் அவரே எண்ணைத் திருத்தி எழுத ஒரு பத்தி வைத்தோம். சம்பள வாரத்துக்கும் அதே பத்திதான்.

முதல் கேள்விக்கும் இடம் உண்டு. கணக்காளருக்கு வாட் கணக்கு கொடுக்கும்போது யாரும் முடிவு எடுப்பதில்லை. அரிசிக்கு வரி பூஜ்யம், மசாலாவுக்கு 15 சதவீதம் என்று பிரித்துக் கொடுத்தே ஆக வேண்டும். அங்கே "என்னென்ன பத்தி வேணும்?" என்பதே சரியான கேள்வி. நான் பார்த்ததெல்லாம் உரிமையாளரே ஆர்டர் போடும் சிறிய கடைகள். பல கிளைகளும் மேலாளர்களும் உள்ள இடத்தில், முடிவு எடுப்பவரும் அறிக்கை கேட்பவரும் வேறு வேறு ஆளாக இருக்கலாம். அங்கே போக நேர்ந்தால், திங்கள் காலை ஆர்டர் போடுகிறவர் யார் என்பதைத்தான் முதலில் கேட்பேன்.